நிறத்தைத் தொடாமல் கூர்மை

சாயம் பூசிய கோபுரச் சுதைச் சிற்பங்களை மாலை வெளிச்சத்தில் படமெடுத்து, கணினியில் கொஞ்சம் கூர்மை ஏற்றிப் பாருங்கள். 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் இரண்டு கோளாறுகள் தெரியும். சிற்பங்களின் விளிம்பில் மூலப் படத்தில் இல்லாத பளீர் நிறக் கோடுகள் ஓடும். மாடக்குழிகளின் இருட்டில் சிவப்பும் நீலமுமாகப் பொடிப்புள்ளிகள் மொய்க்கும். நிறத்தையும் சேர்த்துக் கூர்மையாக்கியதுதான் இரண்டுக்கும் காரணம்.

ஃபோட்டோஷாப்பின் Unsharp Mask ஒவ்வொரு பிக்சலையும் அதன் சுற்றுப்புறச் சராசரியோடு ஒப்பிட்டு, இருக்கிற வேறுபாட்டை மிகைப்படுத்துகிறது. சாதாரணப் படத்தில் இந்த வேலை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களிலும் தனித்தனியாக நடக்கும். வம்பு தொடங்குவது இங்கேதான்.

சிற்பத்தின் சிவப்பு ஆடை ஒரு பச்சைப் பட்டையைத் தொடுகிற இடத்தை எடுத்துக்கொள்வோம். ஆடையின் மதிப்புகள் சிவப்பு 200, பச்சை 60, நீலம் 50. பட்டையின் மதிப்புகள் 60, 150, 70. Amount 100, Radius 1 என்று வைத்தால், எல்லையை ஒட்டிய ஆடைப் பிக்சலில் சிவப்பு ஏறத்தாழ 243க்கு ஏறும், பச்சை 32க்கு இறங்கும். அந்தப் பக்கம் பட்டையில் சிவப்பு 17க்குச் சரிய, பச்சை 178 ஆகும். பூச்சுக்காரர் பூசாத ஒரு ரத்தச் சிவப்புக் கோடும் ஒரு கிளிப்பச்சைக் கோடும் அடுத்தடுத்து முளைத்துவிட்டன. லென்ஸின் குறையால் வான விளிம்பில் ஏற்கெனவே லேசான ஊதாக் கோடு இருந்தால் அதுவும் இதே வழியில் தடித்துவிடும். அதை லென்ஸ் திருத்தத்தில் முதலிலேயே நீக்கிவிட வேண்டும். ஒளிர்வை மட்டும் கூர்மையாக்குவது அதைத் தடிக்க விடாதே தவிர, அழிக்காது.

நிழலில் நடப்பது வேறு. பெரும்பாலான கேமரா சென்சார்களில் பாதிப் புள்ளிகள் பச்சையை அளக்கின்றன. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால்பங்குதான். விடுபட்டவை அக்கம்பக்கத்திலிருந்து ஊகித்து நிரப்பப்படுகின்றன. வெளிச்சம் குறைந்த இடத்தில் அந்த ஊகம் தடுமாறி நிறப்புள்ளிகளாகிறது. போதாததற்கு, பல ஜேபெக் கோப்புகள் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தே சேமிக்கின்றன. நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்பதால் அந்தச் சிக்கனம் வெளியே தெரிவதில்லை. அப்படிப்பட்ட நிறத்தைக் கூர்மையாக்குவதால் லாபம் எதுவும் இல்லை, பிழைதான் பெருகும். படம் தெளிவாக இருக்கிறது என்று கண் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஒளிர்வு வேறுபாட்டைப் பார்த்துத்தான்.

செய்யும் முறை எளிது. லேயரை நகலெடுத்து, அதில் Unsharp Mask கொடுத்து, லேயரின் கலப்பு முறையை Luminosity என்று மாற்றினால் போதும். மேல் லேயரிலிருந்து ஒளிர்வும் கீழ் லேயரிலிருந்து நிறமும் வந்து சேரும். படத்தை Lab Color முறைக்கு மாற்றி, Lightness சேனலை மட்டும் கூர்மையாக்குவது பழைய வழி. அதுவும் நல்ல வழிதான். ஆனால் 8 பிட் படத்தை அங்கும் இங்கும் மாற்றும்போது நிறத்தில் சிறு இழப்பு உண்டு. எனக்கு லேயர் முறையே பிடிக்கும், பின்னால் எப்போது வேண்டுமானாலும் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். லைட்ரூமில் இந்தச் சுற்றே தேவையில்லை. அதன் கூர்மை ஒளிர்வின் மீதே வேலை செய்கிறது.

கோபுரப் படத்துக்கு Amount 120, Radius 1, Threshold 3 என்று தொடங்கலாம். விளிம்பைச் சுற்றி வெண்கோடு தெரிந்தால் முதலில் Radius-ஐக் குறைத்துப் பாருங்கள்.

இப்போது நிறப்புள்ளிகள் பெருகாது. ஆனால் மாடக்குழியில் சாம்பல் நிறப் பொடி இன்னும் தெரியும், ஏனென்றால் ஒளிர்விலும் நாய்ஸ் உண்டு. அதற்கு Blend If உதவும். லேயரை இருமுறை சொடுக்கினால் திறக்கும் பலகையில், Underlying Layer பட்டையின் கறுப்பு முனையை Alt விசையோடு இழுத்தால் அது இரண்டாகப் பிரியும். ஒரு பாதியை 30இலும் மறுபாதியை 70இலும் நிறுத்துங்கள். 30க்குக் கீழே உள்ள இருட்டு கூர்மையே பெறாது. 70 வரை படிப்படியாக ஏறும். எல்லை வெட்டினாற்போலத் தெரிந்தால் இரண்டு பாதிகளையும் இன்னும் விலக்குங்கள்.

இந்த முறைக்கு உண்மையான வரம்பு ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன சிவப்பு ஆடையின் ஒளிர்வைக் கணக்கிட்டால் சுமார் 101. பச்சைப் பட்டைக்கு 114. வித்தியாசம் வெறும் 13. நிறத்தில் இவ்வளவு தூரம் விலகியிருந்தும் ஒளிர்வில் அவை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அந்த எல்லை கிட்டத்தட்ட கூர்மையாகவே ஆகாது. அப்படிப்பட்ட இடம் படத்துக்கு முக்கியமானால், சாதாரண முறையில் கூர்மையாக்கிய இன்னொரு லேயரை மேலே வைத்து, அதன் வீரியத்தை 30 சதவீதத்துக்குக் குறைத்து, கறுப்பு மாஸ்க் போட்டு, அந்த எல்லையில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடலாம்.