ஈசல் தின்ற ஊரில் சுவர்க்கோழி பற்றி ஒரு குறிப்பு

நார்த்தாமலை மாதிரியான புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பூச்சி தின்பது புது விஷயமே இல்லை. மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கு வைத்துப் பிடித்து, காயவைத்து, இறகைப் புடைத்துவிட்டு, வறுத்த அரிசியோடு சேர்த்துத் தின்பார்கள். ஆனால் ஈசலைப் பண்ணையில் வளர்க்க முடியாது. வருஷத்தில் சில நாள் மட்டும் பறக்கிற பூச்சி அது. புற்றும் ராணியும் இல்லாமல் கிடையாது. அதனால்தான் தாய்லாந்துக்காரர்கள் ராத்திரியில் கத்துகிற சுவர்க்கோழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வளர்ப்பு சுலபம்தான். பெட்டிக்குள் முட்டை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கணும். முட்டையிட ஈரமான தென்னை நார்க்கழிவு ஒரு தட்டில் வேணும். 30 டிகிரி சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சு வரும், ஆறு ஏழு வாரத்தில் அறுவடை. தீவனம் கோழிக்குஞ்சுத் தீவனமே போதும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் செத்துப்போகும், நனைத்த ஸ்பாஞ்ச்தான் சரி. பெட்டியில் மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடை வந்தால், ஈரம் அதிகம், காற்று போதலை என்று அர்த்தம்.

இனி புரதக் கணக்கு. 'நூறு கிராமில் 65 கிராம் புரதம்' என்று படித்துவிட்டுக் கோழிக்கறியோடு ஒப்பிடுகிறார்கள். அந்த எண் காய்ந்த பொடிக்கு உரியது. உயிருள்ள சுவர்க்கோழியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். ஒரு கிலோ பிடித்தால் பொடி சுமார் 300 கிராம் தேறும். அதில் 65 சதவீதம் என்றால் 195 கிராம். இதிலும் ஒரு கழிவு உண்டு. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் கணக்கு ஏறிவிடுகிறது. 5.3 அளவில் பெருக்கினால் 165 கிராம்தான். அதாவது பச்சையாக நூறு கிராமுக்குப் பதினாறு பதினேழு. நல்ல அளவுதான், ஆனால் கோழிக்கறியைத் தாண்டாது.

கடைசியாக முக்கியமானது, ஒவ்வாமை. இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வருகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. இறாலில் ஒவ்வாமை தருகிற டிரோபோமயோசின் என்ற தசைப்புரதம், கொஞ்சம் மாறின வடிவில் சுவர்க்கோழியிலும் இருக்கிறது. நம் உடம்புக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வறுத்தாலும் அது முழுசாக அழியாது. வீட்டுத்தூசிச் சிற்றுண்ணி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2022இல் சுவர்க்கோழியை உணவாக அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், இந்த எச்சரிக்கையைப் பொட்டலத்தில் அச்சிடணும் என்று கட்டாயமாக்கியது.

நம்ம ஈசலிலும் அந்தப் புரதம் உண்டு. அதுக்குத்தான் பொட்டலமே கிடையாது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒரு பிடி கொடுக்கும் முன், 'உங்களுக்கு இறால் ஒத்துக்குமா?' என்று கேட்டுவிடுங்கள்.