கடினமான ஐந்து கணக்கு முதலில்

ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு நடத்தி முடித்தாயிற்று. பயிற்சியில் இருபது கணக்குகள். முதல் எடுத்துக்காட்டிலேயே சூட்சுமத்தைப் பிடித்துவிட்ட பிள்ளையும் இருபதையும் போட்டாக வேண்டும். சில நாளில் அவள் கவனம் சன்னலுக்குப் போய்விடும்.

இதற்கு அமெரிக்க ஆசிரியர் சூசன் வைன்பிரென்னர் சொன்ன வழி எளிது. பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்குகளை ஆசிரியர் குறித்துக் கொடுக்கிறார். விரும்புகிற யாரும் முதலில் அவற்றைப் போட்டுப் பார்க்கலாம். நான்காவது சரியாக வந்தால் மீதிப் பயிற்சி வேண்டாம். வராதவர்கள் வழக்கம்போல் முதல் கணக்கிலிருந்து தொடங்குவார்கள்.

ஐந்தில் ஒன்று இப்படி இருக்கலாம்: இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி 6, மீச்சிறு பொது மடங்கு 72. ஓர் எண் 18 என்றால் மற்றது? முறையை மனப்பாடம் செய்தவர் இங்கே தடுமாறுவார். புரிந்துகொண்டவர் 24 என்பார்.

வாய்ப்பு எல்லோருக்கும் பொது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆசிரியரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் முதல் ரேங்க்கும் அழகான கையெழுத்தும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். கோழிக்கிறுக்கலாக எழுதுகிற, வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் அந்த ஐந்தையும் முடித்துக் கொண்டுவந்து நீட்டும்போதுதான் தெரியவருகிறான். கணக்கில் தேறியவன் தமிழ்ப் பாடத்தில் எல்லோரோடும் உட்காரலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

தெரிந்ததைத் திரும்பப் படிக்க விடாமல் பாடத்தைச் சுருக்கும் முறையை ஜோசப் ரென்சுல்லி 1970களிலேயே வகுத்தார். அதைச் சாதாரண வகுப்புகளில் சோதித்து 1993இல் வெளியான கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வில், தேர்ந்த மாணவர்களுக்குப் பாடத்தில் கிட்டத்தட்ட பாதியை நீக்கியும் அவர்கள் மதிப்பெண் குறையவில்லை.

மிச்சமாகும் நேரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் அது கெட்டிக்காரத்தனத்துக்குத் தண்டனை. அடுத்த முறை பிள்ளை வேண்டுமென்றே மெதுவாகப் போடும். தினமும் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினாலும் அவள் புதிதாக எதுவும் கற்க மாட்டாள். அதே பாடத்தின் ஆழத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

உதாரணத்துக்கு, மூடிய நூறு கதவுகள். முதல் ஆள் எல்லாவற்றையும் திறக்கிறார். இரண்டாமவர் 2, 4, 6 என்று மூடுகிறார். மூன்றாமவர் 3, 6, 9 எனப் போய், திறந்ததை மூடி, மூடியதைத் திறக்கிறார். இப்படியே நூறு பேர் போனபின் எந்தக் கதவுகள் திறந்திருக்கும்? பிள்ளை இருபது கதவுகளைத் தாளில் போட்டுப் பார்த்தால் 1, 4, 9, 16 என்று வரும். ஏன் இவை மட்டும் என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் மற்ற பிள்ளைகளிடம் போய்விடலாம். காரணிகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்வதையும், 16இல் 4 மட்டும் தனக்குத் தானே ஜோடியாக நிற்பதையும் அவள் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.