நானூறு படங்களில் ஓர் ஆண்ட்ரோமெடா

ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வானத்தில் ஏறக்குறைய மூன்று டிகிரி நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால்தான் அந்த நீளம் வரும். இவ்வளவு பெரிய ஒன்றைப் படமெடுக்கத் தொலைநோக்கி அவசியமில்லை. கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் முக்காலியும் போதும். அளவு பெரிதுதான், ஆனால் ஒளி மிகவும் மங்கல். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் ஒளியில் நடுப்பகுதி மட்டும் ஒற்றைப் படத்திலேயே பதிந்துவிடும். அதைச் சுற்றியுள்ள சுருள் கரங்கள் படத்தின் புள்ளி இரைச்சலுக்குள் மறைந்துவிடும்.

மங்கலான பொருளை நீண்ட நேரம் திறந்து வைத்துப் பதியலாமே என்று தோன்றும். பூமி சுழல்வதால் அது நடக்காது. நிலையான முக்காலியில் 50 மி.மீ. லென்ஸை வைத்தால், ஆண்ட்ரோமெடா இருக்கும் பகுதியின் விண்மீன்கள் கேமரா உணரியின் மேல் நொடிக்கு முக்கால் பிக்சல் அளவு நகர்கின்றன. நான்கு நொடியில் அது மூன்று பிக்சலுக்குள் அடங்கும், கண்ணை உறுத்தாது. முப்பது நொடி திறந்து வைத்தால் இருபது பிக்சல் நீளக் கோடாகிவிடும். ஆகவே நான்கு நொடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, விண்மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி கணினியில் அடுக்கிச் சராசரி காண்கிறார்கள்.

அடுக்குவதால் ஏன் தெளிவு கிடைக்கிறது? ஒளி சீராக வந்து விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக நூறு ஒளித்துகள்கள் விழும் என்றால், ஒரு படத்தில் 92 விழும், அடுத்ததில் 109 விழும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு சராசரி எண்ணின் வர்க்கமூலம், நூறுக்குப் பத்து. கேமரா ஒவ்வொரு முறை பிக்சலைப் படிக்கும்போதும் தன் பங்குக்குச் சிறிது பிழையைச் சேர்க்கிறது. அதைப் படிப்பு இரைச்சல் எனலாம். இவையெல்லாம் ஒரு படத்தில் கூடுதலாகவும் இன்னொரு படத்தில் குறைவாகவும் அமைவதால், பல படங்களைக் கூட்டும்போது பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கேலக்ஸியின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே பக்கம்தான் சேர்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கரத்தின் மங்கலான ஒரு பகுதியிலிருந்து ஒரு பிக்சலுக்கு ஒரு படத்தில் 2 எலக்ட்ரான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகர வானத்தின் ஒளிர்வு 100 எலக்ட்ரான், படிப்பு இரைச்சல் 3. மொத்த இரைச்சல் சுமார் 10.5. இரண்டைப் பத்துக்குள் தேடுவது வீண் வேலை. நூறு படங்களைக் கூட்டினால் ஒளி நூறு மடங்காகி 200 ஆகிறது. இரைச்சல் பத்து மடங்கே பெருகி 105 ஆகிறது. நானூறு படங்களில் ஒளி 800, இரைச்சல் 211. ஒளி இரைச்சலைப் போல நான்கு மடங்கை நெருங்கிவிட்டது. கரம் தலைகாட்டத் தொடங்கும். இதற்கு ஆகும் பதிவு நேரம் மொத்தம் 27 நிமிடம்தான். ஆனால் தெளிவை மேலும் இரட்டிப்பாக்க நானூறு படத்தை எண்ணூறாக்கினால் போதாது, ஆயிரத்து அறுநூறு வேண்டும். ஓர் இரவில் நேரம் போகப் போக முன்னேற்றத்தின் வேகம் குறைந்துகொண்டே வருவது இதனால்தான்.

இந்தக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும் பிழைக்கு மட்டுமே பொருந்தும். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கும் பிழை, எத்தனை படம் அடுக்கினாலும் அப்படியே நிற்கும். தொடக்கக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். உணரியில் சில பிக்சல்கள் சூடாகி எப்போதும் பிரகாசமாக இருக்கும். லென்ஸின் ஓரங்களில் ஒளி குறையும். உணரியின் முன் ஒட்டிய தூசி நிழலாக விழும். சூட்டினால் வரும் பிழையைப் போக்க, லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு அதே நான்கு நொடி, அதே ஐஎஸ்ஓவில் இருபது முப்பது படங்கள் எடுத்து, அவற்றின் சராசரியை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழிக்கிறார்கள். இவற்றுக்கு ‘டார்க்’ என்று பெயர். இவற்றைப் படப்பிடிப்பு முடிந்த கையோடு, கேமரா அதே சூட்டில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் வந்து மறுநாள் எடுத்தால் வெப்பநிலை பொருந்தாது; கழித்தல் கூடவோ குறையவோ போய்விடும். ஓர இருட்டுக்கும் தூசிக்கும் ‘ஃபிளாட்’ படங்கள்: லென்ஸின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, சீரான வெளிச்சத்தில், குவியத்தையும் துளை அளவையும் மாற்றாமல் எடுக்கப்படுபவை. இவற்றால் படத்தை வகுக்க வேண்டும், கழித்தல் உதவாது.

சூடான பிக்சலின் மிச்சம் இன்னொரு வேடத்திலும் வரும். விண்மீன்களைப் பொருத்தி அடுக்கும்போது அவை நிலையாக நிற்கும். உணரியின் குறைகள் படத்துக்குப் படம் ஒரே திசையில் நகரும். விளைவாகப் பின்னணி முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்த மெல்லிய கீறல்கள் தெரிந்தால் காரணம் இதுதான். இதற்கு மருந்து எளியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திரும்ப ஆண்ட்ரோமெடா பக்கம் திருப்பும்போது, ஒவ்வொரு முறையும் சற்று வேறு இடத்தில், வேறு வேறு திசையில் தள்ளி வைத்தால் கீறல்கள் கலைந்துவிடும். 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கி சப்தரிஷி மண்டலப் பகுதியில் வெறுமையாகத் தெரிந்த ஒரு துளி வானத்தைப் பத்து நாள் நோக்கி, 342 படங்களைச் சேர்த்து ஏறக்குறைய மூவாயிரம் கேலக்ஸிகளைக் காட்டியது. அப்போதும் நோக்கும் இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தியே எடுத்தார்கள்.

விமானமோ செயற்கைக்கோளோ நடுவில் கோடு கிழித்துப் போனால் அந்தப் படத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரே பிக்சலின் நானூறு மதிப்புகளையும் மென்பொருள் ஒப்பிட்டு, மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகியதை மட்டும் விட்டுவிட்டுச் சராசரி காணும். இலவசமாகக் கிடைக்கும் Siril, DeepSkyStacker ஆகியவை இதைத் தாமாகவே செய்யும். குவியம் தவறிய படங்களையும் மேகம் மறைத்த படங்களையும் மட்டும் முன்கூட்டியே கண்ணால் பார்த்து நீக்க வேண்டும். படங்கள் RAW வடிவில் இருப்பது கட்டாயம். JPEG ஒவ்வொரு வண்ணத்தையும் 256 படிகளுக்குள் அடக்கி, நுண்ணிய வேறுபாடுகளைக் கேமராவிலேயே அழித்துவிடும். அங்கே தொலைந்ததை எந்த அடுக்கும் மீட்காது. அடுக்கி முடித்த படமும் முதலில் கறுப்பாகத்தான் தெரியும்; இருண்ட பகுதிகளை மட்டும் படிப்படியாக வெளிச்சமாக்கினால்தான் கரங்கள் வெளிவரும்.

பதிவு நேரத்தைக் கண்டபடி குறைக்கவும் கூடாது. ஒவ்வொரு படமும் படிப்பு இரைச்சலைப் புதிதாகச் சேர்ப்பதால், நானூறு நான்கு நொடிப் படங்களும் ஆயிரத்து அறுநூறு ஒரு நொடிப் படங்களும் சமமல்ல. நகரத்தில் வித்தியாசம் சிறிது; வானம் இருட்டாக உள்ள இடத்தில் பெரிது.

உண்மையில் எண்ணிக்கையைவிட இருட்டுக்கு மதிப்பு அதிகம். மேலே சொன்ன அதே கேமராவை வான ஒளிர்வு பத்தில் ஒரு பங்கு உள்ள கிராமத்துக்குக் கொண்டுபோனால், நகரத்தில் தொள்ளாயிரம் படங்களில் கிடைக்கும் தெளிவு அங்கே சுமார் நூற்றெழுபது படங்களிலேயே கிடைத்துவிடும்.