பெட்டிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே

விமானம் விழுந்த கணத்தில், அதிலுள்ளோர் மயங்கிக் கிடந்தாலும், யாருடைய கையும் படாமல் தானாகவே இயங்கத் தொடங்கும் சிறு வானொலிப் பெட்டியே இ.எல்.டி. எனப்படும் அவசரகால இருப்பிடங்காட்டி. வேகம் திடீரென மாறுவதை உணரும் விசை அதனுள் இருக்கிறது. மோதலில் அவ்விசை மூடிக்கொண்டதும், பெட்டி தன் மின்கலத்தைக் கொண்டு 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை, அரை நொடி நீளமுள்ள குறுஞ்செய்தி ஒன்றை வானை நோக்கி அனுப்புகிறது. அச்செய்தியில் அப்பெட்டிக்கே உரிய அடையாள எண் அடங்கியிருப்பதால், முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால், விழுந்தது யாருடைய விமானம் என்பது மீட்பு மையத்துக்கு உடனே தெரிந்துவிடும்.

எங்கே விழுந்தது என்பதை அறிய, காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டு அமைப்பின் தாழ்வட்டப்பாதைச் செயற்கைக்கோள்கள் எளிய இயற்பியல் ஒன்றைக் கையாண்டன. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்திலும் விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதைப் போல, நொடிக்கு சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கோளுக்கும் அந்த அலைவரிசை முதலில் சற்றுக் கூடுதலாகவும் பிறகு குறைவாகவும் எட்டுகிறது. மாற்றம் நிகழும் கணம் கோள் மிக நெருங்கிய நேரத்தையும், மாறும் வேகம் பக்கவாட்டுத் தொலைவையும் காட்டிவிடும். ஆனால் பெட்டி கிடப்பது பாதையின் இடப்புறமா வலப்புறமா என்ற ஐயம், பூமியின் சுழற்சியால் எழும் சிறு வேறுபாட்டைக் கணக்கிட்டோ மறு கோளின் வருகைக்குக் காத்திருந்தோதான் தீரும். இப்போது ஜி.பி.எஸ்., கலிலியோ போன்ற உயர்பாதைக் கோள்களும் இப்பணியில் சேர்ந்து, ஒரே செய்தியைப் பல கோள்கள் ஒருசேரக் கேட்பதால், அந்தக் காத்திருப்பு பெரிதும் குறைந்துள்ளது.

இவ்வாறு கிடைக்கும் இடம் சில கிலோமீட்டர் விலகியிருக்கலாம். அடர்காட்டிலும் பள்ளத்தாக்கிலும் அதுவே பெருந்தொலைவு. எனவே அதே பெட்டி 121.5 மெகாஹெர்ட்ஸில் வலுக்குறைந்த, மேலிருந்து கீழே சரியும் ஒலியையும் தொடர்ந்து பரப்புகிறது. தேடும் விமானம் திசைகாணும் கருவியால் அதைப் பின்தொடர்கிறது. கருவி இல்லாவிடில், ஒலி கேட்கத் தொடங்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து, நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாகத் திரும்பிப் பறந்து வட்டத்தைச் சுருக்குவர். மலைச்சரிவுகள் அலையை எதிரொலித்து, வேறொரு முகட்டில் பெட்டி இருப்பதாக ஏமாற்றுவதும் உண்டு. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை என்பதால், அதில் மட்டும் ஒலிக்கும் பழைய வகைப் பெட்டியே உள்ள விமானத்தின் குரல், அருகில் பறப்பவருக்கு மட்டுமே எட்டும்.

இத்தனை ஏற்பாடும் பெட்டியை விமானத்தோடு பிணைக்கும் ஒரு பட்டையின் பிடிமானத்தில் தொங்குகிறது என்பதை 2010 ஆகஸ்ட் 9 அன்று அலாஸ்காவில் நடந்த விபத்து காட்டியது. முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் உள்ளிட்ட 9 பேருடன் ஏரிக்கரை விடுதி ஒன்றிலிருந்து மீன்பிடி முகாமுக்குப் புறப்பட்ட ஓட்டர் வகை மிதவை விமானம், பிற்பகல் 2.40 மணியையொட்டி அலெக்நாகிக் அருகே மலைச்சரிவில் மோதியது. அதில் 406 வகை இ.எல்.டி. இருந்தது, மோதலில் அது இயங்கவும் செய்தது. ஆனால் பெட்டி தன் இருக்கையிலிருந்து கழன்று, ஆன்டெனாவின் இணைப்பும் அறுந்துபோனதால், அதன் அழைப்பு எந்தக் கோளையும் எட்டவில்லை.

அதனால் விமானம் காணாமல் போனதையே மணிக்கணக்காக யாரும் அறியவில்லை. மாலை 6 மணியளவில் விடுதியினர் முகாமைத் தொடர்புகொண்டபோதுதான் விருந்தினர் அங்கு வந்து சேரவில்லை எனத் தெரிந்தது. உடனே உள்ளூர் விமானிகள் புறப்பட்டு, இருட்டுமுன் சிதைவைக் கண்டனர். ஹெலிகாப்டரில் அருகே இறங்கிய ஒரு மருத்துவர் உள்ளிட்ட சிலர், சரிவில் நடந்து சென்று, காயமுற்றோருடன் இரவைக் கழித்தனர். மழையும் மூடுமேகமும் விலகாததால் மறுநாள் காலையில்தான் மீட்பு நிறைவேறியது. ஸ்டீவன்ஸும் விமானியும் உட்பட ஐவர் இறந்தனர். நால்வர் படுகாயங்களுடன் பிழைத்தனர்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஆண்டுப் பரிசோதனையில் ஒவ்வொரு இ.எல்.டி.யும் தயாரிப்பாளர் சொன்னபடி இறுகப் பொருத்தப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் பரிந்துரைத்தது. வானொலிச் சோதனையால் இந்தக் குறை வெளிப்படாது என்பதே அப்பரிந்துரையின் உட்பொருள். ஒவ்வொரு மணியின் முதல் 5 நிமிடத்துக்குள் மட்டும் 121.5-இல் சில நொடி ஒலிக்கவிட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையில், தளர்ந்த பட்டையில் உட்கார்ந்திருக்கும் பெட்டியும் தெளிவாகவே ஒலிக்கும். தளர்வைக் கண்டறிய, பராமரிப்பாளர் விமானத்தின் வால்பகுதிக்குள் தவழ்ந்து சென்று, பெட்டியைக் கையால் பற்றி இழுத்துப் பார்த்தாக வேண்டும்.