ஆளில்லாமல் ஓடும் வேலை, ஓசையில்லாமல் நிற்கும்போது

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் அன்று இரவு டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. முதன்மை சர்வரில் இருப்பதை உடனுக்குடன் பிரதியெடுத்து வைத்திருக்க வேண்டிய துணை சர்வர் பின்தங்கிவிட்டது. அதை முதலிலிருந்து மறுபடி நிரப்ப முயன்றார்கள். அதற்கான கருவியோ திரையில் ஒரு வரிகூடக் காட்டாமல் அப்படியே நின்றது. உண்மையில் முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கட்டும் என்று அது காத்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கோளாறு என்று பட்டது. துணை சர்வரில் மிச்சமிருக்கும் பழைய கோப்புகள்தான் இடைஞ்சல் என்று கருதிய பொறியாளர் ஒருவர், அந்தக் கோப்புறையை அழிக்கக் கட்டளை கொடுத்தார். ஆனால் கட்டளை ஓடியது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி போய்விட்டது.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். நாள்தோறும் டேட்டாபேஸை நகலெடுத்து அமேசானின் சேமிப்பகத்துக்கு அனுப்பும் வேலை ஒன்று தானாகவே ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தால் அந்த இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் pg_dump கருவியோ 9.2 பதிப்பு. தன்னைவிடப் புதிய டேட்டாபேஸை அந்தக் கருவி தொடாது. பிழை என்று சொல்லி வெளியேறிவிடும். அப்படித்தான் ஒவ்வொரு முறையும் வெளியேறியிருக்கிறது.

பிழை வந்தால் மெயில் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் மெயிலை அனுப்பத்தான் செய்தது. ஆனால் அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் டிமார்க் என்ற ஏற்பாட்டுக்கு ஏற்றபடி அந்த மெயில்கள் அமைக்கப்படவில்லை. பெறும் சர்வர் அவற்றை வாசலிலேயே திருப்பிவிட்டது. யாருக்கும் மெயில் வரவில்லை. வராததால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

அன்று கிட்லேப்பைக் காப்பாற்றியது, ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் ஒரு பொறியாளர் வேறொரு சோதனைக்காகத் தன் கையால் எடுத்து வைத்திருந்த நகல். தளம் மீண்டும் எழ ஒரு நாளின் பெரும்பகுதி ஆனது. இடைப்பட்ட அந்த 6 மணி நேரத்தில் பதிவான ஏறக்குறைய 5,000 புராஜெக்ட்களின் விவரங்களும், 5,000 கருத்துகளும், 700 புதிய கணக்குகளும் மீளவில்லை. இவ்வளவையும் கிட்லேப் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. அதனால்தான் இன்றும் ஊர் ஊராக இதைப் படித்துப் பாடம் கற்க முடிகிறது.

கை தவறுவதை எந்த நிறுவனத்தாலும் முழுவதும் தடுக்க முடியாது. கவனிக்க வேண்டியது பேக்கப் வேலை நின்றுபோனதும் யாருக்கும் தெரியாமல் இருந்ததைத்தான். ஆளில்லாமல் ஓடும் வேலைகளுக்கு இது பொதுவான குணம். இணையதளம் படுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் நூறு பேர் சொல்லிவிடுவார்கள். பின்னால் ஓடும் வேலை நின்றால் திரையில் எதுவும் மாறாது. இன்வாய்ஸ் அனுப்புவது, பணம் வந்ததைக் கணக்கில் ஏற்றுவது, எஸ்எம்எஸ் அனுப்புவது, இரவில் கணக்கு முடிப்பது என்று இந்த வேலைகளெல்லாம் எதிரில் ஆள் இல்லாமல் நடப்பவை.

ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பணம் கட்டியதும் ‘இந்த ஆர்டருக்கு இன்வாய்ஸ் அனுப்பு’ என்று ஒரு குறிப்பு வரிசையில் போய் நிற்கிறது. வொர்க்கர் என்று அழைக்கப்படும் ஒரு புரோகிராம் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பிடிஎஃப் தயாரித்து, மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது ஒரு சனிக்கிழமை மாலை செத்துப்போனால்? ஆர்டர்கள் தொடர்ந்து வரும், பணமும் வரும். திங்கட்கிழமை காலை கடையின் போன் ஓயாமல் அடிக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

முதலில் லாக். வொர்க்கர் தான் செய்வதை எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. பலர் வேலை முடிந்ததும் ஒரு வரி, பிழை வந்தால் ஒரு வரி என்று எழுதவைக்கிறார்கள். அது போதாது. பெரிய பிடிஎஃப் ஒன்றைத் தயாரிக்கும்போது சர்வரின் நினைவகம் தீர்ந்துவிட்டால், லினக்ஸ் அந்தப் புரோகிராமை அந்த நொடியே கொன்றுவிடும். கடைசியாக ஒரு வரி எழுதக்கூட அவகாசம் கிடைக்காது. அதனால் வேலையைத் தொடங்கும்போதும் ஒரு வரி வேண்டும். இப்படி:

```
2025-03-15T18:42:07+05:30 job=invoice id=48213 order=7719 try=1 status=start
2025-03-15T18:42:09+05:30 job=invoice id=48213 order=7719 try=1 status=ok ms=1840
2025-03-15T18:42:09+05:30 job=invoice id=48214 order=7720 try=1 status=start
```

48213 தொடங்கி, 1.84 நொடியில் முடிந்திருக்கிறது. 48214 தொடங்கியிருக்கிறது, அதற்கு முடிவு இல்லை. வொர்க்கர் எந்த ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்தது என்பதை இந்த மூன்றாவது வரி சொல்லிவிடுகிறது. ஆர்டர் எண் அதே வரியில் இருப்பதால், ‘என் இன்வாய்ஸ் வரவில்லையே’ என்று கேட்பவருக்கும் ஒரே தேடலில் பதில் கிடைக்கும்.

ஆனால் லாக் பேசாது. யாராவது திறந்து படித்தால்தான் அதில் இருப்பது தெரியும். சனிக்கிழமை மாலை அதை யார் திறக்கப் போகிறார்கள்? அலாரம் தனியாக வேண்டும். பிழை வந்தால் மெயில் அனுப்பு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செத்த புரோகிராம் மெயில் அனுப்பாது. சர்வரே அணைந்துபோனால் கிரானும் சேர்ந்து அணைந்துவிடும். மெயில் கிளம்பினாலும் வழியில் என்ன ஆகலாம் என்பதற்கு கிட்லேப்பே சாட்சி.

எனவே ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்புகிறார்கள். நம் தெருக்களில் இரவில் விசில் ஊதிக்கொண்டே சுற்றும் கூர்க்காவைப் போலத்தான்: விசில் கேட்கிறவரை நிம்மதி, கேட்காவிட்டால் என்னவென்று பார்க்க வேண்டும். வேலை நல்லபடியாக முடிந்த ஒவ்வொரு முறையும், வெளியே வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு கண்காணிப்பு முகவரியைத் தட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அந்த வெளியிடம் பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி அனுப்பும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்கென்றே இருக்கின்றன. இரவு 2 மணி பேக்கப்புக்கு கிரானில் இந்த ஒரு வரி போதும். UUID என்ற இடத்தில் அந்த வேலைக்கென்று கிடைத்த அடையாளத்தைப் போட வேண்டும்:

```
0 2 * * * /opt/backup.sh && curl -fsS -m 10 --retry 5 https://hc-ping.com/UUID
```

நடுவில் இருக்கும் && குறிதான் இங்கே முக்கியம். பேக்கப் வெற்றி என்று சொன்னால் மட்டுமே அடுத்த பகுதி ஓடும். பிழை வந்தாலும், சர்வர் அணைந்தாலும், இணைய இணைப்பு அறுந்தாலும், யாரோ அந்தக் கிரான் வரியையே தவறுதலாக நீக்கிவிட்டாலும் விளைவு ஒன்றுதான்: தட்டு வராது, அலாரம் அடிக்கும்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. backup.sh உள்ளே பெரும்பாலும் இருப்பது இப்படி ஒரு வரி:

```
pg_dump shop | gzip > shop.sql.gz
```

இதில் முதல் கருவி தோற்றாலும் இரண்டாவது கருவி, கிடைத்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கிவிட்டு ‘வெற்றி’ என்று அறிவிக்கும். வட்டில் 20 பைட் அளவில் ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். கண்காணிப்பு முகவரியும் தட்டப்படும். பாஷ் ஷெல்லில் மேலே `set -o pipefail` என்று எழுதிவிட்டால், எந்தக் கருவி தோற்றாலும் முழு வரியும் தோல்வி என்றே கொள்ளப்படும். அதோடு கோப்பின் அளவையும் பார்த்துவிட்டுத் தட்டுவது நல்லது. நேற்று 4 ஜிபி இருந்த நகல் இன்று 20 பைட் என்றால், ‘வெற்றி’ என்ற சொல்லை நம்பக் கூடாது.

இனி நாள் முழுதும் ஓடும் இன்வாய்ஸ் வொர்க்கர். இதற்கு எப்போது தட்டவைப்பது? நிமிடத்துக்கு ஒருமுறை தட்டும் ஒரு சிறு பகுதியை வொர்க்கருக்குள்ளேயே தனி இழையாகச் சேர்ப்பவர்கள் உண்டு. மெயில் சர்வரின் பதிலுக்காக முதன்மை வேலை மணிக்கணக்கில் தொங்கி நின்றாலும், அந்தத் தனி இழை பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த அலாரம் ஒருநாளும் அடிக்காது. ஒவ்வொரு இன்வாய்ஸும் முடிந்தபின் தட்டினாலோ, ஆர்டரே வராத பின்னிரவில் வீணாக அலாரம் அடித்து ஆளை எழுப்பும். நாலு இரவு அப்படி எழுப்பினால் ஐந்தாம் இரவு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரிசையில் ஒரு சோதனை வேலையைப் போட்டுவிட வேண்டும். அந்த வேலை செய்ய வேண்டியது, வெளிமுகவரியைத் தட்டுவது மட்டுமே. அது மற்ற இன்வாய்ஸ்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்தபின்தான் போக முடியும். வரிசையில் போடுகிற பகுதி, வரிசை, எடுக்கிற வொர்க்கர் என மூன்றும் உயிரோடு இருந்தால்தான் தட்டு போய்ச் சேரும். 5 நிமிடத்துக்கு ஒரு தட்டு, மேலும் 10 நிமிடம் பொறுமை என்று வைத்தால், வொர்க்கர் செத்த 15 நிமிடத்துக்குள் போன் அடிக்கும்.

வரிசையின் நீளத்தை வைத்து அலாரம் போடுவதும் வழக்கத்தில் இருக்கிறது. அது ஏமாற்றும். தீபாவளித் தள்ளுபடி நேரத்தில் 2,000 வேலைகள் நின்றாலும் அவை பத்து நிமிடத்தில் கரைந்துவிடலாம். சாதாரண நாளில் நிற்கும் மூன்றே வேலைகள் ஒரு மணி நேரமாக அசையாமல் இருக்கலாம். பார்க்க வேண்டியது, இருப்பதிலேயே பழைய வேலை எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதை:

```
SELECT now() - min(created_at) FROM jobs WHERE finished_at IS NULL;
```

‘காத்திருப்பவை’ என்று மட்டும் வடிகட்டாமல், முடியாத எல்லாவற்றையும் எடுப்பதற்குக் காரணம் உண்டு. செத்த வொர்க்கர் கையில் இருந்த 48214, ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற அடையாளத்தோடு காலமெல்லாம் அப்படியே கிடக்கும். பலமுறை முயன்றும் தோற்ற வேலைகளைத் தோல்வி என்று முத்திரையிட்டு, முடிந்த நேரத்தையும் பதிந்து, தனியே எண்ணிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரே ஒரு கெட்ட ஆர்டர் இந்த அலாரத்தை நாள் முழுதும் அடிக்கவைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வகைக் கோளாறு நழுவும். வொர்க்கர் ஓடுகிறது, லாகில் எல்லாம் `status=ok`, ஆனால் மெயில் யாருக்கும் போகவில்லை. எஸ்எம்எஸ், மெயில் அனுப்பும் சில சேவைகள் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று நல்ல பதில் தந்துவிட்டு, கணக்கில் பணம் தீர்ந்துவிட்டதை அந்தப் பதிலின் உள்ளே ஒரு வரியாக எழுதியிருக்கும். புரோகிராம் அந்த வரியைப் படிக்காவிட்டால் தோல்வியும் வெற்றியாகவே பதிவாகும். இதைப் பிடிக்க, கணக்கர் நாள் முடிவில் கல்லாவைச் சரிபார்ப்பது மாதிரியான ஒப்பீடுதான் உதவும். பணம் வந்த ஆர்டர்கள் எத்தனை, அனுப்பும் சேவை ‘சேர்த்துவிட்டேன்’ என்று உறுதிசெய்த இன்வாய்ஸ்கள் எத்தனை என்பதை மணிக்கொருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வொர்க்கரின் லாகிலிருந்து எடுக்காமல், ஒன்றை ஆர்டர் பட்டியலிலிருந்தும் மற்றதை அனுப்பும் சேவையின் பக்கமிருந்தும் எடுத்தால்தான் இந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

இவற்றை அமைத்தபின், ஆட்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு வேலைநாள் பிற்பகலில் வொர்க்கரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, போன் எத்தனை நிமிடத்தில் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால், பெரும்பாலும் செய்தி போகும் வழியில்தான் சிக்கல் இருக்கும்: வேலையை விட்டுப் போனவரின் எண், ஸ்பேம் பெட்டிக்குள் விழும் மெயில், இரவில் ஓசை அடக்கப்பட்ட செயலி. 40 நிமிடத்தில் அடித்தது, ஆனால் இன்வாய்ஸ் வராத வாடிக்கையாளர் அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிடுவார் என்றால், பொறுமை நேரத்தைக் கால் மணிக்குக் குறைத்துவிட்டு, வொர்க்கரை மறுபடி ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டியதுதான்.