பாக்கி கேட்கும் கடிதங்கள்

கோட்டக்குப்பத்தில் ஏற்றிய சரக்கு சிறிது நேரத்தில் புதுச்சேரிக் கடைவாசலில் இறங்கிவிடும். எனினும் அச்சிறு தொலைவினிடையே ஓர் ஆட்சி எல்லை குறுக்கிடுகிறது. அப்பால் உள்ள வியாபாரி பணம் தாராது நாட்கடத்தினால், "அவர் வேறு எல்லையில் இருக்கிறார், நாம் என் செய்வது?" என்று சோர்ந்துவிடும் சங்கங்கள் உண்டு. நெசவாளருக்குக் கூலியை முன்னமே கொடுத்துவிட்டு, காசுக்கடனுக்கு வங்கிக்கு வட்டியும் கட்டிவரும் சங்கத்துக்கு இச்சோர்வு கட்டுப்படியாகாது. அத்தகைய பாக்கியை எவ்வெந்நாளில், எத்தகைய கடிதத்தால் கேட்பது என்பதை ஓர் உதாரணத்தின் வழியே காண்போம்.

இப்பகுதிச் சங்கம் ஒன்று, புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவருக்கு ரூ.60,000 மதிப்புள்ள கைத்தறித் துண்டுகளை ஜூன் 2ஆம் தேதி ஒப்படைத்ததாக வைத்துக்கொள்வோம். முப்பது நாட் கெடு என்று ஆர்டர் தாளில் இருவரும் கையொப்பமிட்டுள்ளனர். ஆகவே ஜூலை 2 கெடுநாள். அந்த ஒரு தாளும், சரக்கு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் இல்லையேல், பின்னர் எழுதும் கடிதம் எத்துணைக் கடுமையாயினும் பயன் குறைவே.

முதற் கடிதம் பாக்கி விழுமுன்னரே செல்ல வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டத்தின்படி, சரக்கில் குறை காண்பவர் ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில், ஒப்படைத்த நாளே சரக்கை ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்ளப்படும். நம் உதாரணத்தில் அந்தப் பதினைந்து நாள் ஜூன் 17இல் முடிகிறது. எனவே மறுநாள், "துண்டுகள் நல்ல முறையில் வந்து சேர்ந்தன என்று நம்புகிறோம். குறை எதுவும் தாங்கள் எழுதவில்லையாதலால் மகிழ்ச்சி. பில் தொகைக்குரிய நாள் ஜூலை 2" என்று இரண்டே வரி எழுதினால் போதும். சாயம் போகிறது, அளவு குறைகிறது என்னும் புகார்கள் பணம் கேட்கும்போதுதான் பிறக்கின்றன என்பதைச் சங்கம் நடத்தியோர் அறிவர். அப்போது இவ்விரண்டு வரிகளே நம்மைக் காக்கும்.

ஜூலை 6ஆம் தேதிக் கடிதத்தில் குற்றச்சாட்டின் சாயலே இருத்தலாகாது. பில் கண்ணில் படாது போயிருக்கலாம். கணக்கர் விடுப்பில் இருக்கலாம். "மேற்படி பில் தங்கள் கவனத்திற்கு வராதிருந்தால் இத்துடன் நகல் வைத்துள்ளோம்" என்று எழுதி, பில் எண், தொகை, சங்கத்தின் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். வட்டி, சட்டம் என்னும் சொற்கள் இங்கே வேண்டா. இதில் சங்க எழுத்தர் கையொப்பமிடுவதே பொருத்தம். தலைவர் கையொப்பத்தை இப்போதே செலவிட்டுவிட்டால் இறுதியில் எடுத்துக்காட்ட வேறொன்றும் இராது.

ஜூலை 20 வரை விடை இல்லையெனில், செயலாளர் எழுத வேண்டியது வேறு வகைக் கடிதம். அது பணத்தைக் காட்டிலும் ஒரு விடையைக் கோருவது. "தொகையில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டா? இல்லையாயின் எந்த நாளில் அனுப்புவீர்கள் என்பதை ஒரு வரி எழுதி உதவுக" என்று கேட்க வேண்டும். பாக்கிதாரர் தொலைபேசியில் விடை சொன்னால், அன்றே "இன்று பேசியபோது 30ஆம் தேதி அனுப்புவதாகத் தாங்கள் தெரிவித்தீர்கள்" என்று நாமே எழுதி அனுப்பிவிடல் நலம். வாக்கு தவறினால் அடுத்த கடிதத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

ஆகஸ்டு 4ஆம் தேதிக் கடிதத்தில் குரல் மாறுகிறது. மேற்சொன்ன சட்டம் குறு, சிறு உற்பத்தியாளர்களின் சரக்கை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தையும் 'வழங்குநர்' என ஏற்கிறது. அச்சட்டத்தின் கீழ், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டலாகாது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். வங்கி வீதம் 6 விழுக்காடு எனக் கொண்டால் ஆண்டுக்கு 18, மாதத்துக்கு ஒன்றரை. ஜூலை 3 முதல் செப்டம்பர் 2 வரை இரண்டு மாதத்திற்கு அசலுடன் ரூ.61,813.50 ஆகிறது. இக்கணக்கைக் கடிதத்தில் காட்டி, பாக்கி தீரும்வரை புதுச் சரக்கு அனுப்பப்படாது என்பதையும் எழுதுக. எழுதியபின் ஒரு கட்டுத் துண்டேனும் அனுப்பினால் அக்கடிதம் வெற்றுத்தாளாகிவிடும். சங்கத்தின் உத்யம் பதிவு சரக்கு விற்கும் முன்னரே செய்யப்பட்டிருத்தலும், அவ்வெண் பில்லில் அச்சாகியிருத்தலும் நன்று. பின்னர்ப் பதிந்ததனால் வழக்கில் இடர்ப்பட்டோர் உளர்.

வியாபாரிக்கு வட்டியைவிட உறைக்கும் செய்தி மற்றொன்றுண்டு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் வந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையைக் கெடுவுக்குள் தராதவர், உண்மையில் தரும் ஆண்டு வரை அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க இயலாது. மார்ச்சு மாதத்தில் நிற்கும் பாக்கிக்கு இதை நயமாக நினைவூட்டுவது மிரட்டலினும் நன்கு வேலை செய்யும்.

இறுதி அறிவிப்பு ஆகஸ்டு 18. தலைவர் கையொப்பம், ஒரே பக்கம். முன் கடிதங்களின் தேதிகள், தொகை, வட்டி, செப்டம்பர் 2 என்னும் கெடு, தவறினால் செய்யப்போவது ஆகிய இவையன்றி வேறொன்றும் வேண்டா. வசைச்சொல், மானத்தைப் பற்றிய பேச்சு, போலீசு என்னும் அச்சுறுத்தல் ஆகியவை நம் வழக்கையே கெடுக்கும். பதிவு அஞ்சல் 2025ஆம் ஆண்டில் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டமையால், விரைவு அஞ்சலிலேயே பெறுநர்க்கு ஒப்படைத்த சான்று கோரி அனுப்புக.

"செய்யப்போவது" யாது? குறு, சிறு தொழில் வசதி மன்றத்தில் விண்ணப்பிப்பது. எல்லை பற்றிய கவலை இங்கேதான் தீர்கிறது: வழங்குநர் இருக்கும் இடத்து மன்றமே, வாங்கியவர் இந்தியாவில் எங்கிருப்பினும் விசாரிக்கலாம் என்று சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே கோட்டக்குப்பம் சங்கம் தமிழ்நாட்டு மன்றத்தையே நாடலாம். முதலில் சமரசம், பின்னர் நடுவர் தீர்ப்பு. தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். கூடுதல் காலம் பிடிப்பதும் உண்டு. தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குநர் அத்தொகையில் முக்கால் பங்கை முதலிற் செலுத்த வேண்டும்.

விளைபொருளை அப்படியே விற்கும் விவசாய அங்கத்தினர் இச்சட்டத்தை நம்பியிருத்தல் இயலாது. அவர்கள் வட்டி வீதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது மேல். எழுதாதவர்க்கு 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் ஓரளவு உதவும்: வட்டி கோரப்படும் என்று எழுத்தில் அறிவித்து, அதில் குறித்த நாள் முதற்கொண்டு நீதிமன்றம் வட்டி அளிக்கலாம். ஆதலால் அவர்களது வட்டிக் கடிதம் தாமதிக்கலாகாது.

இடையே கடைக்காரர் ரூ.20,000 மட்டும் அனுப்பக்கூடும். பெற்றுக்கொள்ளலாம், ஆனால் "முழுத் தீர்வாக" என்னும் சொல் அவர் கடிதத்தில் உளதா என்று பார்த்த பின்னரே ரசீது கொடுக்க வேண்டும். ரசீதில் "பகுதித் தொகை" எனக் குறித்து, மீதிக்கு அவர் கையொப்பமிட்ட ஒப்புதலையும் கேட்டு வாங்குக. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி விற்ற சரக்கின் விலைக்கு வழக்கிடும் காலம் மூன்று ஆண்டு. அக்காலம் கழியுமுன் பெற்ற எழுத்தொப்புதல் அம்மூன்றாண்டைப் புதிதாகத் தொடங்கிவைக்கும், கழிந்த பின் பெற்றது அவ்வாறு செய்யாது.