"இந்த வீடு இன்னும் இருக்கா?"

"வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் பிளாட் போட்டிருந்தீங்களே, இன்னும் இருக்கா?" வீட்டுத் தரகு ஏஜென்சிக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் தடுமாறுவதும் இங்கேதான். வீடு விற்றுப்போயிருந்தாலும் ஆளை விட மனமில்லாமல், "இருக்கு சார், நேர்ல வாங்க" என்று சொல்லிவிடுகிறார். வந்தவரிடம் வேறு வீட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வாடிக்கையாளர் மறுபடி அழைக்க மாட்டார்.

அதனால்தான் ஒழுங்காக நடக்கும் ஏஜென்சிகள் முதல் அழைப்புக்கென்று எழுதிவைத்த உரையாடல் ஒன்றைப் புதியவர்களுக்குப் பழக்குகின்றன. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கான வசனம் அல்ல அது. எதை முதலில் கேட்பது, எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லவே கூடாது என்ற வரிசைதான் அதில் இருக்கும். போனிலேயே வீட்டை விற்றுவிடுவது அதன் நோக்கமில்லை. பொருத்தமான ஆள் பொருத்தமான வீட்டை நேரில் பார்க்க ஒரு நாளும் நேரமும் குறிப்பதோடு அந்த அழைப்பின் வேலை முடிந்துவிடுகிறது.

வரிசையின் தொடக்கம் எளிது. வணக்கம், ஏஜென்சியின் பெயர், பேசுபவரின் பெயர். அடுத்து, "எந்த ஏரியா, என்ன விலை போட்டிருந்த வீடுங்க?" என்ற கேள்வி. ஒரே மாலையில் பத்து விளம்பரங்களைப் பார்த்துவிட்டு அழைப்பவருக்கு எது யாருடையது என்று நினைவிருக்காது. எந்த வீடு என்று தெரிந்ததும் அதற்கான தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். தாள் இல்லாமல் பேசுபவர் யூகத்தில்தான் பேசுவார்.

பரப்பளவு கேட்கும்போது யூகம் எளிதில் மாட்டிவிடும். நம் உதாரண வீடு விளம்பரத்தில் 950 சதுர அடி. அது படிக்கட்டு, லிஃப்ட், பொது நடைவழி எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கு. வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் கார்பெட் ஏரியா 690 சதுர அடிதான். நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு, அதாவது யுடிஎஸ், 430 சதுர அடி. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடச் சொல்லுகிறது பயிற்சித் தாள். 690 என்று கேட்டதும் சிலர் போனை வைத்துவிடுவார்கள். அவர்கள் வீட்டைப் பார்த்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"கிழக்கு பார்த்த வீடா?" என்பதும் தப்பாமல் வரும். அடுக்ககத்தின் வாசல் கிழக்கே இருக்கும், அந்த வீட்டின் கதவோ வடக்கே திறக்கும். வாஸ்து பார்ப்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் வீட்டுக் கதவின் திசை. தாளில் இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வேளச்சேரி என்றதும் வரும் மிகக் கடினமான கேள்வி, "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்பதுதான். "அதெல்லாம் நிக்காதுங்க" என்று சொல்லிவிடத் துடிக்கும் நாக்கை அடக்குவதே பயிற்சியின் முக்கியப் பாடம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியில் தண்ணீர் புகுந்தது ஊருக்கே தெரியும். பயிற்சித் தாள் தரும் பதில் இது: "ரெண்டு முறையும் வேளச்சேரியில பல தெருவுல தண்ணி நின்னது சார். இந்தத் தெருவுல எவ்வளவு நின்னதுன்னு எனக்குத் தெரியாது. ஓனர்கிட்டயும் வாட்ச்மேன்கிட்டயும் கேட்டுட்டு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்." 'தெரியாது' என்பதைத் தயங்காமல் சொல்லவும், சொன்ன நேரத்தில் திரும்ப அழைக்கவும் பழகிய ஊழியர்தான் ஏஜென்சிக்கு உண்மையான சொத்து.

இதில் சட்டமும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதன்படி பதிவுபெற்ற முகவர்கள் வாய்மொழியாகக்கூடத் தவறான தகவல் தருவதைத் தடை செய்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், வீட்டு விலையில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறலாம்.

அடுத்து பணம். "உங்க பட்ஜெட் என்ன சார்?" என்று கேட்டால் வருவது ஆசையின் அளவுதான். நல்ல பயிற்சித் தாளில் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: "லோன் போடுறீங்களா? லோன் போக உங்க கையிலேருந்து எவ்வளவு வரைக்கும் போட முடியும்?"

அழைத்தவர் 62 லட்சம் வீட்டைக் கேட்கிறார், கையில் 14 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி விதித்த உச்சவரம்பு. ஆக, 12 லட்சத்து 40 ஆயிரம் அவர் கையிலிருந்து போக வேண்டும். அது முடிந்தது என்று அவர் நினைப்பார். தமிழ்நாட்டில் பழைய வீட்டை வாங்கிப் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது 5 லட்சத்து 58 ஆயிரம். இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு வங்கி கடனைக் கணக்கிடும்போது இந்தச் செலவைச் சொத்து மதிப்பில் சேர்க்காது. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 18 லட்சம். தரகு, வக்கீல் கட்டணம் தனி.

நாலு லட்சம் குறைகிறது. விலையில் 20 சதவீதமும் பதிவுக்கு 9 சதவீதமும் கையிலிருந்து வர வேண்டுமென்றால், 14 லட்சத்துக்கு எட்டக்கூடிய வீடு 48 லட்சம் அளவில்தான் இருக்கும். அதுவும் வங்கி முழு 80 சதவீதத்தைக் கொடுத்தால். கட்டடம் பழையதென்றால் வங்கியின் மதிப்பீடு பேசிய விலையைவிடக் குறையலாம், கடனும் அதோடு குறையும். இதைப் பதமாகச் சொல்ல வேண்டும்: "பதிவுச் செலவையும் சேர்த்தா இந்த வீட்டுக்குக் கையில பதினெட்டு லட்சம் வேணும் சார். நாற்பத்தெட்டுக்குள்ள மேடவாக்கம் பக்கம் பார்த்துச் சொல்லட்டுமா?" போனிலேயே இதைச் சொல்லாத ஏஜென்சிகளில், அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதிய பிறகு வாங்குபவர் பணம் புரட்ட முடியாமல் தவிப்பார். விற்பவரும் மாதக்கணக்கில் காத்திருப்பார்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "கடைசி விலை என்ன?" என்று கேட்டால், ஓனர் கேட்கும் விலையைச் சொல்லி, வீடு பிடித்தால் உட்கார்ந்து பேசலாம் என்பதோடு நிறுத்த வேண்டும். "அவருக்கு அவசரமா பணம் தேவைப்படுது" என்று நட்பாகச் சொல்லும் ஒரு வரி, விற்பவருக்கு லட்சக்கணக்கில் நஷ்டம். அவர் நம்பித்தான் வீட்டை ஒப்படைத்திருக்கிறார். ஏஜென்சியின் தரகு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் கேட்கும் முன்பே சொல்லிவிடலாம்.

நேரம் குறிக்கும்போது, "எப்ப வர்றீங்க?" என்று விட்டால் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று பதில் வரும். "சனிக்கிழமை காலை பதினொண்ணா, ஞாயிறு சாயங்காலம் நாலா?" என்றால் நாள் உறுதியாகும். கூடவே, "வீட்ல வேற யாரெல்லாம் பார்க்கணும்?" என்றும் கேட்க வேண்டும். மனைவியோ அம்மாவோ பார்க்காமல் முடிவாகாத வீட்டுக்குத் தனியாக வருபவர் இன்னொரு முறையும் வர வேண்டியிருக்கும். குடியிருப்பவர் வாடகைதாரராக இருந்தால், அவரைக் கேட்காமல் எந்த நேரத்தையும் உறுதி செய்யக் கூடாது.

போனை வைத்ததும் புதியவர் குறிப்பேட்டில் எழுத வேண்டியது சிறிது: பெயர், கையிலுள்ள தொகை, கடனா இல்லையா, எப்போதைக்குள் வீடு வேண்டும், பதில் சொல்லாமல் விட்ட கேள்வி என்ன. தண்ணீர் பற்றி ஓனர் மாலையில் சொல்லும் பதில் குறிப்பேட்டோடு நிற்காமல் வீட்டுத் தாளிலும் ஏற வேண்டும். இந்த வீடு இவருக்கு எட்டாமல் போனாலும், அதே கேள்வியோடு நாளை இன்னொருவர் அழைப்பார்.